ட்யூப் லைட் வெளிச்சத்தில் நேராகச் சுற்றிய மோட்டார்

கேள்வி: பம்ப் மோட்டார் கமிஷனிங்கில் ஃபேஸ் சீக்வென்ஸ் தப்பாக இருந்து மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? பாடம் மாதிரி வேண்டாம், நடந்ததைக் கதையாகச் சொல்லுங்கள்.

மாட்டியிருக்கிறேன். அப்போது எனக்குச் சைட் எஞ்சினியர் வேலையில் இரண்டாவது வருடம். தென் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரின் குடிநீர் பம்ப் ஹவுஸ். தரைத்தொட்டியிலிருந்து தண்ணீரை எடுத்து மேட்டில் இருக்கும் மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். புதிதாக வைத்தது 50 எச்.பி. மோட்டார், ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர், எட்டு பின் போட்ட புஷ் கப்ளிங், சென்ட்ரிஃப்யூகல் பம்ப். பக்கத்திலேயே பழைய பம்ப் ஒன்று அன்று காலை வரை ஓடிக்கொண்டிருந்தது. மேலே போகும் பைப் இரண்டுக்கும் பொது என்பதால் அதில் தண்ணீர் நிறைந்தே நின்றது.

பகலில் இ.பி. சப்ளை இல்லை. வாடகை ஜெனரேட்டரில் கப்ளிங் பின்களைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்த்தோம். பம்ப் உடம்பில் வார்ப்பிலேயே ஒரு அம்புக்குறி இருக்கும், அந்தப் பக்கம்தான் சுற்றியது. திருப்தியாக ரெஜிஸ்டரில் "டைரக்ஷன் ஓகே" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எந்த சப்ளையில் பார்த்தேன் என்று எழுதவில்லை. அன்று இரவு முழுக்க நாங்கள் பட்ட பாடு அந்த ஒரு வார்த்தை இல்லாததால் வந்தது.

சாயங்காலம் அலைன்மென்ட் முடித்துப் பின்களைப் போட்டோம். இரவு ஒன்பதரைக்கு இ.பி. வந்தது. விடிந்தால் ஊருக்குத் தண்ணீர் விட வேண்டும் என்பதால் அன்றைக்கே ஓட்டிவிடுவது என்று முடிவு. நான், ஒயர்மேன் அண்ணன், ஒரு ஹெல்பர் பையன். மேல்நிலைத் தொட்டியில் ஏறி நிற்க ஊர்க்காரர் ஒருவர், கையில் போனோடு.

பம்ப்பில் தண்ணீர் ஊற்றி, காற்றை வெளியேற்றி, டெலிவரி வால்வை மூடி வைத்து ஸ்டார்ட் கொடுத்தோம். மோட்டார் ஸ்டாரில் எடுத்தது, எட்டு விநாடியில் டெல்டாவுக்கு மாறியது. சத்தம் சுத்தம். பிரஷர் கேஜ் 4 கிலோ காட்டியது. வால்வைத் திறந்தேன். முள் நகரவில்லை. ஆம்பியர் மீட்டரும் பெரிதாக ஏறவில்லை. ஐந்து நிமிடம் கழித்துப் போன் வந்தது: "சார், ஒரு சொட்டு வரலயே."

"ஏர் லாக் சார்" என்றார் ஒயர்மேன் அண்ணன். தண்ணீர் வரவில்லை என்றால் முதல் பழி எப்போதும் காற்றுக்கும் ஃபுட் வால்வுக்கும்தான். நிறுத்தி, மறுபடி ஊற்றி, மறுபடி காற்றை விட்டு ஓட்டினோம். அதே 4 கிலோ. மூன்றாவது முறையும் அதே 4. பம்ப் உடம்பைத் தொட்டால் இளஞ்சூடு. தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே அரைபட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் கேஜை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். ஏர் லாக்கில் முள் இப்படி நிற்காது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கிடக்கும், இல்லை என்றால் துடிக்கும். பம்புக்குள் ஜல்லி உருட்டுவது போலச் சத்தமும் வரும். இங்கே முள் செதுக்கி வைத்ததுபோல 4-லேயே நின்றது. இந்தப் பம்ப்பின் டெஸ்ட் சர்டிஃபிகேட்டில் வால்வு மூடிய நிலையில் 72 மீட்டர் என்று இருந்தது, அதாவது 7 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். வால்வுக்கு அந்தப் பக்கம் நிற்கும் தண்ணீரின் எடை மட்டுமே நாலரைக் கிலோ. 4 கிலோ போய் நாலரையைத் தள்ளுமா? மேலே போன தண்ணீரைத் திரும்ப விடாத வால்வு, என்.ஆர்.வி., அதன் கதவு திறந்தே இருக்காது.

சென்ட்ரிஃப்யூகல் பம்ப்பை ரிவர்ஸில் ஓட்டினால் அது தண்ணீரைத் திருப்பி உறிஞ்சாது. நிறையப் பேர் அப்படி நினைத்துக்கொண்டு, "பிரஷர் வருதே, அப்போ டைரக்ஷன் சரி" என்று விட்டுவிடுகிறார்கள். எந்தப் பக்கம் சுற்றினாலும் இம்பெல்லர் தண்ணீரை வெளிப்பக்கமாகத்தான் வீசும். ஆனால் இறக்கைகளின் வளைவும் உடம்பின் சுருளும் ஒரு திசைக்காகச் செய்தவை என்பதால் பிரஷர் பாதியளவுக்கு இறங்கிவிடும். காலிக் குழாயில் ஓட்டியிருந்தால் கொஞ்சம் தண்ணீர் வெளியே வந்திருக்கும், நாங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருப்போம். பைப் நிறைந்திருந்ததுதான் எங்களைக் காப்பாற்றியது.

"அண்ணே, ரிவர்ஸ் சுத்துதோன்னு சந்தேகமா இருக்கு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பகல்ல நீங்கதானே சார் பாத்தீங்க? இப்பவும் பாருங்க, நேராத்தான் சுத்துது."

கப்ளிங் கார்டு வலை வழியே குனிந்து பார்த்தேன். மேலே சோக் போட்ட பழைய ட்யூப் லைட். அந்த வெளிச்சத்தில் கப்ளிங் பின்கள் எட்டும் தனித்தனியாகத் தெரிந்தன. நிதானமாக, கோயில் தேர் மாதிரி, அம்புக்குறி காட்டிய பக்கமே நகர்ந்துகொண்டிருந்தன. ஹெல்பர் பையனும் எட்டிப் பார்த்து "ஆமா சார், கரெக்டா போகுது" என்றான்.

ஒரு நிமிடம் நானும் நம்பினேன். அப்புறம்தான் உறைத்தது: நிமிடத்துக்கு 1,480 சுற்றுக்கு மேல் ஓடும் மோட்டாரின் பின்களைக் கண்ணால் எப்படி எண்ண முடிகிறது?

சோக் போட்ட ட்யூப் லைட் 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் விநாடிக்கு 100 முறை மினுக்கும். நாலு போல் மோட்டார் விநாடிக்கு 25 சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றும். ஆக ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் இடையே கப்ளிங் கால் சுற்றுக்கு ஒரு மயிரிழை குறைவாகத் திரும்பியிருக்கும். எட்டுப் பின்களும் ஒரே மாதிரி இருப்பதால், கால் சுற்றுத் திரும்பியது கண்ணுக்குத் தெரியாது, குறைந்த அந்த மயிரிழை மட்டும்தான் தெரியும். அது பின்னோக்கிய நகர்வாகத் தெரியும். சுருக்கமாக, அந்த வெளிச்சத்தில் மோட்டார் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்கு எதிர்ப் பக்கம் மெதுவாக நகர்வது போலக் கண்ணுக்குப் படும். எங்கள் கண்ணுக்கு அம்புக்குறிப் பக்கம் நகர்ந்தது. அப்படியானால் நிஜத்தில்?

மோட்டாரை நிறுத்தச் சொல்லி, மெயினை ஆஃப் செய்து ஃப்யூஸைக் கழற்றி அண்ணன் பாக்கெட்டில் போட்டுக்கொண்ட பிறகு, கப்ளிங்மேல் சாக்பீஸால் ஒரே ஒரு கோடு இழுத்தேன். மறுபடி ஓட்டினால் ட்யூப் லைட்டில் நாலு கோடு தெரிந்தது. பையன் பயந்தே போனான். நிறுத்தி, லைட்டை அணைத்து, டார்ச்சை மட்டும் கப்ளிங்மேல் பிடித்தேன். "அண்ணே, ஸ்டார்ட் அமுக்கி ஒண்ணு சொல்றதுக்குள்ள ஸ்டாப் அமுக்குங்க." சாக்பீஸ் கோடு கிளம்பியது. அம்புக்குறிக்கு நேர் எதிராக.

இங்கே ஒரு எச்சரிக்கை. திசையைக் கிளம்பும்போது பாருங்கள், நிற்கும்போது பார்க்காதீர்கள். என்.ஆர்.வி. ஒழுகினால் மோட்டார் நின்றபின் மேலிருந்து இறங்கும் தண்ணீரே பம்ப்பைப் பின்பக்கம் சுற்றிவிடும். அதைப் பார்த்துவிட்டு நன்றாக இருந்த ஒயரை மாற்றியவர்கள் உண்டு. இதற்காகவே டெலிவரி வால்வை மூடிவிட்டுத்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். ரிவர்ஸில் அதிக நேரம் ஓட்டவும் கூடாது. இந்த வகைப் பம்ப்பில் இம்பெல்லரைப் பிடிக்கும் நட்டின் மரை, நேராகச் சுற்றும்போது இறுகும்படி இருக்கும். எதிராகச் சுற்றினால் தளர வாய்ப்பு இருக்கிறது. போர்வெல்லில் நீளமான ஷாஃப்ட் இறங்கும் டர்பைன் பம்ப் என்றால் ஷாஃப்ட் துண்டுகளை இணைக்கும் மரையே கழன்றுவிடும். அதில் கப்ளிங் போட்டுவிட்டு ரிவர்ஸ் பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

சரி, ரிவர்ஸ் என்பது உறுதி. பகலில் நேராகச் சுற்றியது, மோட்டார் ஒயரை யாரும் தொடவில்லை. மாறியது சப்ளை மட்டும்தான். மல்டிமீட்டரை எடுத்து இன்கமரில் வைத்தேன். ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் 415-க்குப் பக்கம், மூன்றும் சமம். நியூட்ரலுக்கு 240, அதுவும் சமம். வோல்டேஜைப் பார்த்து இந்தத் தப்பைக் கண்டுபிடிக்கவே முடியாது, ஏனென்றால் வோல்டேஜில் தப்பே இல்லை. மூன்று ஃபேஸும் ஒன்றன்பின் ஒன்றாக உச்சத்துக்கு வரும் வரிசைதான் மாறியிருக்கிறது. ஆர், ஒய், பி என்று வர வேண்டியது பி, ஒய், ஆர் என்று வந்தால் மோட்டாருக்குள் சுழலும் காந்தப்புலம் எதிர்ப் பக்கம் ஓடும்.

அதைப் பார்க்க ஃபேஸ் சீக்வென்ஸ் மீட்டர் வேண்டும். மூன்று கிளிப்பும் இரண்டு விளக்கும் கொண்ட சின்ன டப்பா. என்னிடம் இருந்தது, வண்டியில் டூல் பாக்ஸின் அடியில். இ.பி.யா ஜெனரேட்டரா என்று மாற்றிப் போடும் சேஞ்ச்ஓவர் சுவிட்சின் ஜெனரேட்டர் பக்கத்தில் கிளிப் போட்டுப் பார்த்தேன்: நேர். இ.பி. பக்கத்தில்: ரிவர்ஸ்.

அப்போதுதான் ஒரு கேள்வி வந்தது. பேனலில் ஃபேஸ் ரிவர்சல் பார்க்கும் ரிலே இருக்கிறதே, அது ஏன் ஸ்டார்ட்டரை எடுக்க விட்டது? பேனல் கதவைத் திறந்தேன். ரிலேயில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் இரண்டு டெர்மினல்களுக்கு நடுவே பளபளவென்று புதுசாக ஒரு துண்டு ஒயர்.

ஒயர்மேன் அண்ணன் தலையைச் சொறிந்தார். "இ.பி. வந்ததும் ஸ்டார்ட்டர் எடுக்கல சார். வோல்டேஜ் பாத்தேன், சரியா இருந்துச்சு. ரிலேதான் புதுசு, மக்கர் பண்ணுதுன்னு ஜம்பர் போட்டேன். டெஸ்டுக்குத்தானே."

கோபம் வந்தது. ஆனால் "எந்த சப்ளை" என்று எழுதாதவன் யாரைத் திட்டுவது? அந்த ரிலே அன்று இரவு முழுக்க ஒரே உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது, நாங்கள் அதன் வாயில் துணியை அடைத்திருந்தோம். அதுவும் பாவம், சப்ளை வரிசையை மட்டும்தான் பார்க்கும். மோட்டார் பக்கம் ஒயர் மாறியிருந்தால் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டே மோட்டாரை ரிவர்ஸில் ஓட விடும்.

மணி பதினொன்றரை. தொட்டிமேல் நின்றவர் கொசுக்கடி என்று இரண்டாவது முறை போன் செய்தார். நான் அவசரத்தில் சொன்னேன்: "விடுங்கண்ணே, மெயின் கான்டாக்டர்ல மோட்டாருக்குப் போற ரெண்டு ஒயர மாத்திடுவோம். அஞ்சு நிமிஷ வேலை."

இப்போது அவர் முறை. "சார், இது நேரா ஸ்டார்ட் ஆகுற டி.ஓ.எல். இல்ல, ஸ்டார் டெல்டா. அங்க மாத்தினா வெடிக்கும்." தரையில் உட்கார்ந்து என் சாக்பீஸை வாங்கி மூன்று கோடு போட்டார். மூன்று சுருள், ஆறு முனை. மெயின் கான்டாக்டர் தலைப்பக்க முனைகளுக்குக் கரண்ட் கொடுக்கிறது, டெல்டா கான்டாக்டர் வால்பக்க முனைகளுக்கு. ஒவ்வொரு சுருளுக்கும் தலையில் ஒரு ஃபேஸ், வாலில் வேறு ஃபேஸ் என்ற கணக்கில் இணைத்திருக்கும். தலைப்பக்கம் மட்டும் இரண்டை மாற்றினால் ஒரு சுருளின் தலையிலும் வாலிலும் ஒரே ஃபேஸ் வந்துவிடும், அதில் வோல்டேஜே இருக்காது. மிச்ச இரண்டு சுருளுக்கும் ஒரே ஜோடி ஃபேஸ்தான் கிடைக்கும். இதில் கொடுமை, ஸ்டாரில் எல்லாம் சரியாகவே இருக்கும், ஏனென்றால் அப்போது வால்கள் மூன்றும் ஒன்றாகக் கட்டியிருக்கும். எட்டு விநாடி நேராகச் சுற்றி நம்மைச் சிரிக்க வைத்துவிட்டு, டெல்டாவுக்கு மாறும் நொடியில் சிங்கிள் ஃபேஸில் மாட்டிய மோட்டார் மாதிரி உறுமும். ஓவர்லோட் ரிலே ட்ரிப் ஆனால் புண்ணியம்.

அவர் சொன்னதை நான் முன்பே படித்திருந்தேன். இரவு பதினொன்றரைக்கு அது தலையில் இல்லை.

ஸ்டார்ட்டர் உள்ளே வரும் பக்கம் மாற்றினால் அந்தச் சிக்கல் வராது, இரண்டு கான்டாக்டருக்கும் சேர்ந்தே மாறும். ஆனால் இன்னொரு வினை இருக்கிறது. சேஞ்ச்ஓவருக்குக் கீழே எங்கே மாற்றினாலும் இ.பி.யில் நேராகும், ஜெனரேட்டரில் ரிவர்ஸ் ஆகும். ஒரு நாள் கரண்ட் போய் ஆபரேட்டர் ஜெனரேட்டரைப் போடுவார், ஊருக்குத் தண்ணீர் போகாது, யாருக்கும் காரணம் புரியாது. அதனால் தப்பு நுழைந்த இடத்திலேயே, சேஞ்ச்ஓவருக்கு மேலே, இ.பி. கேபிள் வந்து சேரும் இடத்தில்தான் மாற்ற வேண்டும்.

மீட்டருக்கு அடுத்த மெயின் சுவிட்சை இறக்கி, ஃப்யூஸ்களைக் கழற்றி, பேனல் பக்கம் ஒவ்வொரு ஃபேஸிலும் கரண்ட் இல்லை என்று மல்டிமீட்டரில் பார்த்தோம். அதற்கு முன் மீட்டரையே உயிருள்ள ஒரு இடத்தில் வைத்து வேலை செய்கிறதா என்று பார்த்தோம். செத்த மீட்டரும் பூஜ்யம்தான் காட்டும். பிறகு பேனலின் பின்கதவைத் திறந்தோம். கேபிள் கோர்கள் இடமிருந்து வலமாகச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று அழகாக உட்கார்ந்திருந்தன. நான் குழம்பிப் போய் முன்பக்கம் வந்து பார்த்தேன். முன்பக்கத்தில் ஆர் என்று எழுதியிருந்த இடத்தில் நீலம்.

புரிந்துவிட்டது. கேபிள் முடித்தவர் பின்கதவு வழியாக வேலை செய்திருக்கிறார். பின்னாலிருந்து இடது என்பது முன்னாலிருந்து வலது. ஜெனரேட்டர் கேபிளை வேறு ஆள் முன்பக்கத்திலிருந்து முடித்திருந்ததால் அது சரியாக இருந்தது. கண்ணாடியில் தெரிகிற மாதிரி ஒரு பிழை. மஞ்சள் நடுவில் இருந்ததால் யார் கண்ணையும் உறுத்தவில்லை.

நடுவை விட்டுவிட்டு ஓரத்து இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். ஏதாவது இரண்டை மாற்றினாலே சுழற்சி திரும்பிவிடும், ஆனால் கலரும் பெயரும் ஒத்துப்போக சிவப்பும் நீலமும்தான் மாற வேண்டும். மூன்றையும் ஒரு படி தள்ளிவைத்தால் எதுவும் மாறாது. ஆர், ஒய், பி என்பதும் ஒய், பி, ஆர் என்பதும் ஒரே வரிசைதான். சொல்ல இவ்வளவு சுலபம். 70 ஸ்கொயர் அலுமினியக் கேபிளை அந்தச் சின்ன அறைக்குள் குறுக்கே வளைத்துக் கொண்டுவர அண்ணனுக்கு முக்கால் மணி நேரமும் என் வலது கை முட்டியில் கொஞ்சம் தோலும் செலவானது.

மெயினைப் போட்டதும் முதலில் மீட்டர் கிளிப்: இ.பி. நேர், ஜெனரேட்டர் நேர். அப்புறம் அண்ணனே போய் அந்தத் துண்டு ஒயரைக் கழற்றி எடுத்தார். ரிலே பச்சையானது. டார்ச் பிடித்து ஒரு தட்டு: கோடு அம்புக்குறிப் பக்கம் கிளம்பியது. ஓட்டுவதற்கு முன் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றி உரசல் இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை. மறுநாள் பம்ப்பைக் கழற்றி இம்பெல்லர் நட்டையும் பார்த்தோம், லாக் வாஷர் அதைப் பிடித்து வைத்திருந்தது.

வால்வை மூடி ஸ்டார்ட் கொடுத்தோம். முள் 4-ஐத் தாண்டி 7-க்கு மேல் போய் நின்றது. வால்வை மெல்லத் திறக்கத் திறக்க என்.ஆர்.வி. 'தொப்'பென்று திறக்கும் சத்தம் கேட்டது, முள் 6-க்கு இறங்கியது, ஆம்பியர் 55-ல் நின்றது. மோட்டார் பிளேட்டில் 65 போட்டிருந்தது, ஆக இடம் இருக்கிறது. ரிவர்ஸில் ஓடியபோது ஆம்பியர் குறைவாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஆனால் அதை அடையாளமாக வைத்துக்கொள்ளாதீர்கள். பம்ப்பைப் பொறுத்து அது கூடவும் செய்யும். அடையாளம் பிரஷர்தான், அதுவும் டெஸ்ட் சர்டிஃபிகேட்டோடு ஒப்பிட்ட பிரஷர்.

ஒன்றரை மணிக்குப் போன் வந்தது. "விழுது சார், நல்லா விழுது. நான் இறங்கலாமா?"

ரெஜிஸ்டரை எடுத்துப் பகலில் எழுதிய வரிக்குக் கீழே "இ.பி., ஜெனரேட்டர் இரண்டிலும் தனித்தனியாகப் பார்த்தது" என்று எழுதிக்கொண்டிருந்தேன். அண்ணன் ஃபிளாஸ்க்கிலிருந்து ஆறிப்போன டீயை ஊற்றினார். எழுத வெளிச்சம் போதாமல் பையன் ட்யூப் லைட்டைப் போட்டுவிட்டு, கப்ளிங்கைப் பார்த்தவன் அலறினான்.

"சார்! மறுபடி ரிவர்ஸ் சுத்துது சார்!"